511 ரூபாய் 33 காசு

2025 ஆகஸ்ட் 13-ஆம் தேதி காலையில் கடையைத் திறந்து, விளக்கேற்றி, ஊதுபத்தி செருகிவிட்டு உட்காரும்போது போனில் பேங்க் மெசேஜ் வந்தது. 511 ரூபாய் 33 காசு வரவு. முந்தின நாள் கார்டு மெஷினில் தேய்த்த பணம் அது. ஆடி மாசக் கடைசி, வியாபாரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம், அதனால் முந்தின நாள் யார் யார் வந்தார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. மொத்தமே ஒரே ஒரு கார்டுதான். ஒரு அம்மா இட்லிப் பானையும் இரண்டு அடுக்குகளும் வாங்கிக்கொண்டு கிரெடிட் கார்டில் 2,150 ரூபாய் கொடுத்தார்கள். கமிஷன் போக 2,100 சொச்சம் வரவேண்டும். வந்தது 511.

முதலில் அந்த அம்மா பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். பிறகு மெஷின் தப்பாகப் பதிந்திருக்குமோ என்று ராத்திரி எடுத்த செட்டில்மென்ட் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சரியாக 2,150 என்றுதான் இருந்தது. மீதி ஆயிரத்து ஐந்நூறு சொச்சம் எங்கே?

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. பித்தளை, வெண்கலம் எல்லாம் குறைந்துபோய் இப்போது முக்கால்வாசி எவர்சில்வர்தான். எடை போட்டு விற்கிற சரக்கில் கிலோவுக்கு என்ன நிற்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு குண்டான் விற்று ஐம்பது ரூபாய் நின்றால் நல்ல நாள். அப்படிப்பட்டவனுக்கு ஒரே ராத்திரியில் 1,500 ரூபாய் காணாமல் போவது சின்ன விஷயமில்லை. ஆனாலும் என்னை மாசக்கணக்கில் குடைந்துகொண்டிருப்பது அந்த ரூபாய் அல்ல. அதே தொகையை, கொஞ்சம் குறைவாக, அதற்கு முந்தின மூன்று வருடங்களிலும் அதே தேதியில் பிடித்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவே இல்லை.

மெஷின் வந்த கதை

2021 ஆகஸ்ட். கொரோனா கொஞ்சம் அடங்கி, தள்ளிப்போட்ட கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக நடக்க ஆரம்பித்த நேரம். என் நடப்புக் கணக்கு இருக்கிற பேங்கிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசு இருக்கும். வெயிலில் வந்திருந்தான், மோர் கொடுத்தேன். "சார், மத்த பேங்க்ல வாடகை கேப்பாங்க, நம்மகிட்ட கிடையாது. மாசம் அம்பதாயிரம் தேய்ச்சா போதும், வாடகை ஜீரோ. உங்க கடைக்கு அது ஒரு முகூர்த்த வியாபாரம் சார்" என்றான். தேய்க்காவிட்டால்? "இருநூறு ரூபா. ஆனா உங்களுக்கு அந்த நிலைமையே வராது."

அவன் சொன்னது பொய்யில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அப்போது சீர் எடுக்க வருகிற குடும்பம் என்றால் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கார்டிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். முதல் வருஷம் மட்டும் பதினோரு லட்சம் அந்த மெஷின் வழியாக வந்திருக்கிறது. ஐம்பதாயிரம் தொடாத மாசம் இரண்டே இரண்டு.

ஆறு பக்க விண்ணப்பம். பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து, கடை சீல். ஆதார், பான், ஜிஎஸ்டி சான்றிதழ் எல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தேன். "மெயில் ஐடி சார்?" என்றான். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என் போனை வாங்கி, அதில் எதையோ திறந்து பார்த்து, அவனே எழுதிக்கொண்டான். இந்த மெயில் ஐடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வரும்.

வடிகட்டி வருகிற பணம்

கார்டு பணம் கடைக்காரனுக்கு வருகிற விதத்தை மற்றவர்களுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். வாடிக்கையாளர் 2,150 கொடுத்தால் மறுநாள் கணக்கில் 2,150 ஏறி, பிறகு கமிஷன் தனியாகக் கழிவதில்லை. எல்லாம் கழித்த மிச்சம்தான் ஒரே வரியாக வரும். கமிஷன், கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, மாச முதலில் வாடகை, வாடகைக்கு ஜிஎஸ்டி, வருஷத்துக்கு ஒருமுறை இன்னொன்று, எல்லாமே உள்ளேயே கழிந்துவிடும். பாஸ்புக்கில் பற்று என்று ஒரு வரிகூட இருக்காது. கடன் தவணை பிடித்தால் பற்று தெரியும், காசோலை திரும்பினால் பிடிக்கிற அபராதம் தெரியும். இது வரவாகவே வரும், கொஞ்சம் இளைத்துப்போய் வரும்.

வரவு வந்த மெசேஜைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்களா? முப்பத்தெட்டாயிரம் தேய்த்த நாளில் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் வந்தால், கமிஷன் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். 2022, 2023, 2024 ஆகஸ்டுகளில் அந்த நாளில் ஆவணிக் கல்யாணச் சரக்கு எடுக்க வந்தவர்கள் நாலைந்து பேராவது கார்டு தேய்த்திருந்தார்கள். பெரிய தொகைக்குள் அந்தக் கழிவு ஒளிந்துகொண்டது. 2025-இல் ஒரே ஒரு இட்லிப் பானைதான். ஒளிய இடமில்லை.

இதில் என் பங்குத் தப்பும் உண்டு. கணக்கு எழுதும்போது பில் தொகைக்கும் வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை 'பேங்க் சார்ஜ்' என்று ஒரே தலைப்பில் போட்டுவந்தோம். காசோலைப் புத்தகக் கட்டணமும் அதில்தான், பணம் எண்ணுகிற கட்டணமும் அதில்தான், கார்டு கமிஷனும் அதில்தான். வருஷக் கடைசியில் ஒரு தொகை நிற்கும், ஆடிட்டர் கேட்கமாட்டார், நானும் பார்க்கமாட்டேன்.

அன்றைக்கே ஆடிட்டர் ஆபீசில் என் கணக்கைப் பார்க்கிற பெண்ணுக்குப் போன் போட்டேன். பேங்க் இப்படிப் பிடித்தால் அதற்கு ஜிஎஸ்டி பில் போட்டிருக்க வேண்டும், நமக்குப் போட்ட பில்களின் வரியைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அது ஏறியிருக்க வேண்டும், அதைப் பார்த்தாலே எதற்குப் பிடித்தார்கள் என்று தெரிந்துவிடும் என்றாள். கேட்டதும் தெம்பாக இருந்தது. அரைமணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். "சார், பேங்க் பேர்ல ஒரு எண்ட்ரிகூட இல்ல. உங்க ஜிஎஸ்டி நம்பரையே அவங்க மெஷின் கணக்குல ஏத்தல போல." நான் கொடுத்த சான்றிதழ் நகல் எந்த ஃபைலில் கிடக்கிறதோ. அதாவது பிடித்த ஒவ்வொரு கட்டணத்துக்கும் 18 சதவீதம் வரியும் கட்டியிருக்கிறேன், அதை என் வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாமல் போயிருக்கிறது. 2024 மார்ச் வரைக்குமான பழைய வருஷங்களுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, அதற்கான கெடு தாண்டிவிட்டது என்றாள்.

நாலு வருஷத்துக் கணக்கு

மெஷின் பின்னால் ஒட்டியிருக்கிற சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கடைக்கான எண், இன்னொன்று மெஷினுக்கான எண். அந்த இரண்டையும் எழுதி, தொடங்கிய நாளிலிருந்து மாசவாரியான வியாபாரி ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று கிளையில் கடிதம் கொடுத்தேன். பேங்க் ஸ்டேட்மென்ட் வேறு, இது வேறு. இதில்தான் தேய்த்த முழுத்தொகை, கமிஷன், வரி, 'மற்ற கழிவுகள்', கடைசியாக வந்த தொகை என்று தனித்தனியாக இருக்கும். கிளையில் இருந்தவருக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியவில்லை. நாலு நாள் கழித்து சென்னையிலிருந்து மெயிலில் வந்தது. மகள் அதை எக்செலில் போட்டு, 'மற்ற கழிவுகள்' என்ற ஒரு பத்தியை மட்டும் தனியாக எடுத்துக் கூட்டினாள்.

முதல் வருஷம் வாடகை இரண்டு மாசத்துக்கு, ஜிஎஸ்டியோடு 472 ரூபாய். இரண்டாவது வருஷம் ஐந்து மாச வாடகையும், 'ஆண்டுப் பராமரிப்பு' என்று புதிதாக முளைத்த 500 ரூபாயும் சேர்த்து, வரியோடு 1,770. மூன்றாவது வருஷம் 3,304. நாலாவது வருஷம் 6,313. ஒவ்வொரு வருஷமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு, சில சமயம் அதற்கும் மேல். ஆண்டுப் பராமரிப்பு மட்டும் 500, 750, 1,000 என்று ஏறி, 2025 ஆகஸ்டில் 1,350 ஆகியிருந்தது. வரி சேர்த்தால் 1,593. இட்லிப் பானைப் பணத்தைத் தின்றது அதுதான். 2,150-இல் கமிஷனும் வரியும் 45 ரூபாய் 67 காசு, ஆண்டுக் கட்டணம் 1,593, மிச்சம் 511 ரூபாய் 33 காசு. காசு சுத்தமாக ஒத்துப்போனது. அது ஒத்துப்போனபோது எனக்கு வந்தது கோபமா நிம்மதியா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

பராமரிப்பு என்றால் என்ன பராமரித்தார்கள் என்று கேட்கக்கூடாது. நாலு வருஷத்தில் ஒரே ஒருமுறை ஒரு ஆள் வந்து பேப்பர் ரோல் பத்து கொடுத்துவிட்டுப் போனான்.

வாடகை ஏறிய விதம்தான் நூதனம். இருநூறு ரூபாய் 2024 ஏப்ரலில் 350 ஆனது, 2025 ஏப்ரலில் 475 ஆனது. இது கண்ணுக்குத் தெரிகிற ஏற்றம். தெரியாத ஏற்றம் ஒன்று இருக்கிறது. வாடகை இல்லாமல் இருக்க மாசம் ஐம்பதாயிரம் தேய்க்க வேண்டும் என்றார்கள் இல்லையா, அந்த வரம்பை 2023 ஆகஸ்டில் 75,000 ஆக்கினார்கள், அடுத்த ஏப்ரலில் ஒரு லட்சமாக்கினார்கள். வாடகைத் தொகை மாறாமலேயே வாடகை கட்டுகிற மாசங்கள் கூடிவிட்டன. இரண்டு, ஐந்து, எட்டு, கடைசி வருஷம் பன்னிரண்டில் பதினொன்று.

வரம்பு மேலே போய்க்கொண்டிருக்கும்போது நான் கீழே போய்க்கொண்டிருந்தேன். பதினோரு லட்சம் தேய்த்த மெஷினில் நாலாவது வருஷம் மூன்று லட்சத்துப் பத்தாயிரம்தான். வியாபாரம் விழவில்லை, எல்லாரும் ஜிபே, போன்பே என்று போய்விட்டார்கள். அதிலும் பாதி மெஷினிலேயே நடக்கிறது, தொகையை அடித்தால் அதன் திரையில் க்யூஆர் வரும், ஸ்கேன் செய்வார்கள், சீட்டு வரும். அதுவும் வரம்புக்குள் சேரும் என்றே நினைத்திருந்தேன். கிளையில் கேட்டால், "கார்டு மட்டும்தான் சார் கணக்கு, யூபிஐ சேராது" என்றார்கள்.

நானே தோண்டிய குழி

கார்டு தேய்த்தால் கமிஷன் போகிறதே என்று, கல்லாவுக்கு முன்னால் பெரிய க்யூஆர் ஸ்டாண்டை வைத்ததே நான்தான். கார்டை நீட்டுகிறவர்களிடம்கூட "ஜிபே இருக்காம்மா?" என்று கேட்பேன். ஐயாயிரம் ரூபாய்க்கு ஐம்பது ரூபாய் மிச்சம் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

2024 ஆவணி முகூர்த்த மாசத்துக் கணக்கை மகள் காட்டினாள். அந்த மாசம் கார்டில் 92,000 தேய்த்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கு எட்டாயிரம் குறைவு. அதனால் 350 வாடகையும் வரியுமாக 413 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அந்த எட்டாயிரத்தை டெபிட் கார்டிலேயே வாங்கியிருந்தால் எனக்குக் கமிஷன் 0.9 சதவீதம், 72 ரூபாய், வரியோடு 85 ரூபாய் போயிருக்கும். 85 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 413 ரூபாயைக் கொடுத்திருக்கிறேன். அந்த மாசம் எத்தனை பேரிடம் "ஜிபே இருக்காம்மா" கேட்டிருப்பேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மற்ற மாசங்களில் அந்தச் சிரிப்புக்கும் இடமில்லை. 2025 ஜூலையில் கார்டில் வந்தது 9,400 ரூபாய். வாடகை வரியோடு 560 ரூபாய் 50 காசு. நூறு ரூபாய் தேய்த்தால் ஆறு ரூபாய் மெஷினுக்கு வாடகை, அதற்கு மேல் கமிஷன். எவர்சில்வர் விற்று இதைக் கொடுக்க முடியாது.

பேங்க் பக்கத்து நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2018 ஜனவரியிலிருந்து டெபிட் கார்டு கமிஷனுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. வருஷ விற்றுமுதல் 20 லட்சத்துக்கு மேல் இருக்கிற என்னைப் போன்ற கடைக்கு அதிகபட்சம் 0.9 சதவீதம், எவ்வளவு பெரிய பில்லானாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது. 2020 ஜனவரியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யூபிஐக்கும் கமிஷனே கிடையாது. ஆக என் கடையில் அவர்கள் மெஷின் உட்கார்ந்திருக்கிறது, சிம் கார்டுக்குப் பணம் அவர்கள் கட்டுகிறார்கள், வருகிற வாடிக்கையாளர் அதன் திரையில் தெரிகிற க்யூஆரை ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார், அவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. கமிஷனில் வராததை வாடகையில் எடுக்கிறார்கள். எனக்கு அது புரிகிறது. நானும் வியாபாரிதான், ஒரு சரக்கில் நிற்காததை இன்னொன்றில் ஏற்றித்தான் விற்கிறேன். ஆனால் நான் விலையை ஏற்றினால் வாங்குகிறவர் முகத்துக்கு எதிரே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பேரம் பேசுவார், அல்லது எதிர்க்கடைக்குப் போவார்.

"சொல்லாமல் பிடித்தார்கள்"

ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை பாயிடம், ஆடிட்டரிடம், மனைவியிடம், கேட்காதவர்களிடமும். பாய் என் ஆத்திரத்தைப் பார்த்துவிட்டு, "மெஷினைத் திருப்பிக் குடுத்துருங்கண்ணே, கார்டு வந்தா என் மெஷின்ல தேய்ச்சுக்கங்க, சாயங்காலம் கணக்கு பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனசு. ஆனால் என் விற்பனை அவர் கணக்கில் ஏறினால் அவருடைய ஜிஎஸ்டியில் சிக்கல், அதோடு அடுத்த கடைக்குத் தேய்த்துக் கொடுப்பது ஒப்பந்தப்படியே கூடாது. தெரிந்தால் அவர் மெஷினையும் பிடுங்கிவிடுவார்கள். பாய் கடை பெரிது, மாசம் மூன்று லட்சம் தேய்க்கிறார், அவருக்கு வாடகையே இல்லை. ஒரே தெரு, ஒரே பேங்க்.

புகார் எழுத உட்கார்ந்தேன். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ சொல்லாமல் என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். மகள் டைப் அடித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, "அப்பா, அந்த ஃபார்ம்ல என்ன மெயில் ஐடி குடுத்திருக்கு?" என்றாள். விண்ணப்ப நகலை எடுத்துக் காட்டினேன். என் போனை வாங்கினாள். ப்ளே ஸ்டோருக்காக யாரோ எப்போதோ போட்டுக்கொடுத்த மெயில் அது, நாலு வருஷமாக என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. அந்த மெயில் படத்தை நான் தொட்டதே இல்லை. திறந்தால் பதினோராயிரத்துச் சொச்சம் மெயில்கள் படிக்காமல் கிடக்கின்றன. பேங்க் பெயரைப் போட்டுத் தேடினாள்.

மூன்று மெயில்கள். ஒன்று 2022 ஜூலையில், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பற்றி. அடுத்தது 2024 மார்ச்சில், வாடகை 350, வரம்பு ஒரு லட்சம், பராமரிப்பு 1,000. மூன்றாவது 2025 பிப்ரவரியில், 475-உம் 1,350-உம். ஒவ்வொன்றிலும் முப்பது நாளைக்கு முன்னாலேயே தேதி போட்டு, ஏற்க விருப்பமில்லை என்றால் மெஷினைத் திருப்பித் தரலாம் என்றுகூட எழுதியிருந்தது. ஆங்கிலத்தில், நாலு பத்திக்குக் கீழே, பொடி எழுத்தில். ஆனாலும் எழுதியிருந்தது.

கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசவில்லை. மகள் டைப் அடித்த ஒன்றரைப் பக்கம் கம்ப்யூட்டரில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. பதினைந்து நாளாக ஊரில் சொல்லிக்கொண்டிருந்ததைத் திரும்ப வாங்க முடியாது. அதே சமயம், கடைக்கு வந்து மோர் குடித்துவிட்டு வாடகை இல்லை என்று வாயால் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, வாடகை உண்டு என்பதைச் சொல்ல மட்டும் மெயில் எதற்கு என்றும் தோன்றியது. விற்பனையின்போது ஆள் வருகிறது, ஏற்றும்போது மெயில் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதை ஒரு புகாராக எழுத முடியாது என்பதும் தெரிந்துபோயிற்று.

விண்ணப்பத்தையும் அன்றுதான் முழுதாகப் படித்தேன். நாலாம் பக்கத்தில் கட்டண அட்டவணை. ஆண்டுப் பராமரிப்பு என்ற வரிக்கு எதிரே, முதல் ஆண்டு இல்லை, பிறகு வங்கியின் 'நடப்புக் கட்டணப்படி' என்ற அர்த்தத்தில் இரண்டு வார்த்தை. தொகை இல்லை. தொகை எழுதாத இடத்துக்கு நேராக என் கையெழுத்து. சொத்துப் பத்திரத்தில் இப்படி ஒரு இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவோமா?

708 ரூபாய்

மகள்தான் விடாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஸ்டேட்மென்டில் மாற்றம் நாலு முறை, மெயில் மூன்றுதான். 2023 ஆகஸ்டில் வரம்பை 50,000-இலிருந்து 75,000 ஆக்கியதற்கும், பராமரிப்பை 500-இலிருந்து 750 ஆக்கியதற்கும் மெயிலும் இல்லை, மெசேஜும் இல்லை. ஸ்பாம் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம், அதில் ஒரு மாசத்துக்கு மேல் எதுவும் தங்காதாம், அங்கேயே போயிருந்தால் தெரியாது என்றாள். அதனால் "அறிவிப்பு அனுப்பியதற்கான ஆதாரம் கொடுங்கள்" என்று கேட்பதுதான் சரி, "அனுப்பவில்லை" என்று சொல்லக்கூடாது என்றாள். இந்தப் புத்தி எனக்கு வந்திருக்காது.

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுச் சின்னதாக எழுதினோம். 2023 ஆகஸ்டிலிருந்து 2024 மார்ச் வரை, கார்டில் 50,000-க்கு மேலும் 75,000-க்குக் கீழும் தேய்த்த மாசங்கள் மூன்று. அந்த மூன்று மாசத்துக்கும் வாடகை பிடித்திருக்கிறீர்கள், மாசம் 236, மொத்தம் 708 ரூபாய். வரம்பு மாறியதை எனக்குத் தெரிவித்த ஆதாரம் காட்டுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். கூடவே அந்த வருஷம் பராமரிப்பில் ஏற்றிய 250-உம் வரியும், 295 ரூபாய். இனி என் ஜிஎஸ்டி எண்ணை ஏற்றுங்கள். வாடகையைக் கார்டு பணத்தில் கழிக்காமல் தனியாகப் பற்று வையுங்கள். அவ்வளவுதான்.

முப்பது நாள் ஆகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. ஆடிட்டர் ஒரு விஷயத்தை எச்சரித்தார். வாடகை அதிகம் என்று அங்கே போனால் எடுபடாது, எவ்வளவு வாங்குவது என்பது பேங்கின் வியாபார முடிவு, அதற்குள் அவர்கள் நுழையமாட்டார்கள். தெரிவிக்காமல் பிடித்தார்கள் என்றால் அது சேவைக் குறைபாடு, அதைக் கேட்பார்கள். 11,859 ரூபாய் போயிற்றே என்று நான் குதித்த குதிக்கு, வழக்கு என்று நிற்பது கடைசியில் ஆயிரம் ரூபாய்தான்.

ஓம்புட்ஸ்மன் வரை போக வேண்டியிருக்கவில்லை. இருபத்து ஆறாம் நாள் சென்னையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். நிதானமாகப் பேசினார். 708 திருப்பித் தருகிறோம், 295 தர முடியாது, அதற்கு மெசேஜ் அனுப்பிய பதிவு இருக்கிறது என்றார். எந்த எண்ணுக்கு என்று கேட்டேன். அப்பா பெயரில் இருந்த கடையின் பழைய எண். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, சிம்மும் காலாவதி. அந்த எண் அவர்களிடம் எப்படிப் போயிற்று என்றால், நடப்புக் கணக்கு தொடங்கும்போது கொடுத்தது, நான்தான் மாற்றவில்லை. சரி, விட்டுவிட்டேன்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். உண்மையிலேயே கொடுக்கத்தான் நினைத்தேன். திருப்பிக் கொடுத்தால் வாங்குகிறவரிடம் மெஷினின் வரிசை எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், மெஷின் எண்ணை மூடிவிட்டதாக மெயில் வரும்வரை விடக்கூடாது, இல்லாவிட்டால் மெஷின் இல்லாமலேயே வாடகை ஓடும் என்று பாய் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார், அவர் மைத்துனருக்கு அப்படி ஓடியிருக்கிறது. ஆனால் தை மாசத்தில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரத்துக்குச் சீர் எடுக்கிறவர்கள் கிரெடிட் கார்டைத்தான் நீட்டுவார்கள், ஜிபேயில் அந்தப் பணம் அவர்களிடம் அன்றைக்கு இருக்காது. அந்த நாலு குடும்பம் மெஷின் இல்லை என்று படியிறங்கினால் வருஷ வாடகையைவிட அதிகம் போய்விடும். போனில் இருந்த அம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அல்லது தெரியாமலேயே, திருப்பிக் கொடுக்கிறேன் என்றதும் தானாகச் சொல்லும்படி அவர்களிடம் ஒரு சலுகை இருக்கலாம். வரம்பு எதுவும் இல்லாமல் மாசம் 250, வரியோடு 295, ஒரு வருஷத்துக்கு. அடுத்த ஆகஸ்டில் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. வாடகை தனியாகப் பற்று வரும்.

"மெயில்ல அனுப்புங்கம்மா" என்றேன். நான் இப்படிச் சொல்லி மனைவி கேட்டது அதுதான் முதல் தடவை, உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

மெயில் வந்தது. அச்சடித்து, கல்லாவுக்குப் பின்னால் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறேன். பில் நோட்டில் தினமும் இரண்டு பத்தி போடுகிறோம், தேய்த்தது, வந்தது. கடைப்பையனுக்கு ராத்திரி அதுதான் கடைசி வேலை. அக்டோபரில் 295 பற்று வந்தது. நவம்பரில் 295. ஜிஎஸ்டிஆர்-2பி-யில் பேங்க் பெயர் முதல்முறையாக ஏறியிருக்கிறது, 45 ரூபாய் வரியைக் கழித்துக்கொண்டோம் என்று ஆடிட்டர் ஆபீஸ் பெண் பெருமையாகச் சொன்னாள். டிசம்பரில் 560 ரூபாய் 50 காசு பிடித்திருக்கிறார்கள். கூப்பிட்டுக் கேட்டால் சிஸ்டத்தில் ஏதோ மாற்றமாம், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள், ஏழு வேலை நாளில் சரியாகிவிடுமாம். இன்றைக்கு ஐந்தாவது நாள்.